ராஜ்ய எல்லைகளும் கிராமப் பட்டியலும்

இந்திய அரசியல் சாசனத்தின் முதல் அட்டவணையைத் திறந்து, தமிழ்நாடு என்ற பெயருக்கு எதிரே எழுதியிருப்பதைப் படிக்கிறவர், அங்கே ஒரு தேசப்படத்தையோ, மலையையும் ஆற்றையும் கடலையும் கூறி நாற்புற எல்லை வகுக்கும் வாசகத்தையோ காணமாட்டார். அவர் காண்பவை சட்டங்களின் பெயர்கள்தான். முன்பு சென்னை மாகாணமாக இருந்த பிரதேசம்; அதனோடு 1956-ஆம் வருஷத்து ராஜ்யப் புனரமைப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு தந்ததும், 1959-ஆம் வருஷத்து ஆந்திரப் பிரதேச - சென்னை எல்லை மாற்றச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை தந்ததும் சேரும்; 1953-ஆம் வருஷத்து ஆந்திர ராஜ்யச் சட்டமும், 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் வேறு சில பிரிவுகளும், 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் முதல் அட்டவணையும் எடுத்துக்கொண்டவை கழியும். கூட்டியும் கழித்தும் எஞ்சுவதே ராஜ்யம். அட்டவணைகளைத் தேடிப் போனால் அவற்றிலும் கோடு இல்லை. தாலுகாக்களின் பெயர்களும் கிராமங்களின் பெயர்களுமே இருக்கின்றன.

எல்லைத் தகராறு என்றவுடன் நம் மனம் தேசப்படத்தை நினைக்கிறது. எந்தக் கோடு எங்கே நகரும் என்று கேட்கிறது. ஆனால் இந்த நாட்டில் ராஜ்யங்களுக்கிடையே எழுந்த எல்லை விவகாரங்கள் தீர்ந்த வரலாற்றை ஆராய்ந்தால், கோடு கடைசியில் வருவது என்பதும், எந்த அளவை அலகாகக் கொண்டு எண்ணுவது, எந்த ஆதாரத்தைக் கொண்டு எண்ணுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இரு தரப்பாரும் ஒரே விடையை ஒப்புக்கொண்ட தருணமே உண்மையில் விவகாரம் தீர்ந்த தருணம் என்பதும் விளங்கும். திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும், சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்ததும் இதற்குச் சிறந்த உதாரணம். அதையே நடுவே வைத்து இந்த விஷயத்தை ஆராய்வோம்.

யாருக்கு என்ன அதிகாரம்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நதி நீரைப் பற்றிய வழக்குகளுக்கு 1956-ஆம் வருஷத்து ஒரு சட்டத்தின்படி தனித் தீர்ப்பாயங்கள் அமைவதைப் பார்த்துப் பழகிய நாம், எல்லைக்கும் அப்படிச் சட்டப்படி அமையும் ஒரு மன்றம் இருக்குமென்று எண்ணிவிடுகிறோம். அப்படி ஒன்றுமில்லை. எல்லைக்காக அமைக்கப்படும் கமிஷன், அந்தந்தச் சமயத்துக்கு ஏற்பட்டு, விசாரித்து, அபிப்பிராயம் சொல்லிக் கலைந்து போவது. அதன் அறிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அதனால் மட்டும் ஒரு பிடி மண்கூட ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்துக்குப் போய்விடாது.

நீதிமன்றத்தின் நிலை வேறு. சாசனத்தின் 131-ஆவது விதிப்படி ஒரு ராஜ்யம் மற்றொரு ராஜ்யத்தின் மேல் நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அங்கே சட்டம் வகுத்த எல்லை எது, அது பூமியின்மேல் எங்கே விழுகிறது என்று கேட்பது இயல்பு. ஆவணங்களையும் பழைய சர்வே படங்களையும் சாட்சியமாக வைத்து நீதிபதிகள் அதைத் தீர்மானிக்க முடியும். சர்க்கார் அதிகாரத்தின்கீழ் தயாரான படம் சரியானது என்று முதலில் அனுமானித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் அந்த அனுமானம் மறுத்து நிரூபிக்கக்கூடியதே. ஆகவே படம் ஒரு சாட்சி. உரிமையைப் பிறப்பிக்கும் பத்திரம் அன்று. எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல நீதிமன்றம் உண்டு. அது எங்கே இருந்தால் நல்லது என்பதை முடிவு செய்வது நீதிபதிகளின் வேலையாக அமைந்ததில்லை.

எல்லையை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்கே உரியது. 3-ஆவது விதி அதை அளிக்கிறது. ஜனாதிபதியின் சிபாரிசின்றி அத்தகைய மசோதாவைக் கொண்டுவர முடியாது. மசோதாவினால் பாதிக்கப்படும் ராஜ்யங்களின் சட்டசபைகளுக்கு அதை அனுப்பி, குறித்த கெடுவுக்குள் அபிப்பிராயம் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமே தவிர, சொன்ன அபிப்பிராயத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அதோடு, அத்தகைய சட்டம் சாசனத்தின் அட்டவணையையே திருத்தினாலும் அது சாசனத் திருத்தமாகக் கருதப்படாது என்று 4-ஆவது விதி கூறுகிறது. சாதாரணப் பெரும்பான்மையே போதும். அயல்நாட்டுக்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுப்பதற்கு இந்த வழி செல்லாது. பேருபாரி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் அப்படிக் கருத்துரைத்ததனால்தான் 1960-இல் சாசனத்தையே திருத்த நேர்ந்தது. உள்நாட்டு எல்லைகளுக்கும் வெளிநாட்டு எல்லைகளுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

அதிகாரம் இவ்வளவு எளிதாகப் பார்லிமெண்டின் கையில் இருந்தும், எல்லை மாற்றச் சட்டங்கள் அரிதாகவே பிறந்திருக்கின்றன. காரணம், இரு ராஜ்யங்களும் மனமொப்பாத ஒரு கோட்டைச் சட்டத்தினால் திணிக்க எந்த மத்திய சர்க்காரும் எளிதில் துணிவதில்லை. அந்த ஒப்புதலை உண்டாக்குவதே கமிஷன்களுக்கும் மத்தியஸ்தர்களுக்கும் உரிய உண்மையான தொழில்.

அலகு மாறினால் முடிவு மாறும்

1952-ஆம் வருஷம் டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்நீத்த பிறகு ஆந்திர ராஜ்யம் அமைவது உறுதியாயிற்று. 1953-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி அது பிறந்தது. அவசரமாகப் பிறந்த அந்த ராஜ்யத்துக்கு எல்லை வகுக்கும்போது, பெரும்பாலும் ஜில்லாவே அலகாகக் கொள்ளப்பட்டது. சித்தூர் ஜில்லா முழுவதுமாக ஆந்திரத்துக்குப் போயிற்று. அந்த ஜில்லாவோ 1911-இல் நிர்வாக வசதிக்காக வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. ஜில்லாவை அமைத்தவர்கள் மொழியை நினைத்து அமைக்கவில்லை. ஜில்லா என்ற கணக்கில் பார்த்தால் தெலுங்கு பேசுவோர் பெரும்பான்மை. அதன் தெற்கு விளிம்பிலுள்ள திருத்தணி முதலிய ஊர்களின் கணக்கில் பார்த்தால் தமிழ் பேசுவோர் ஏராளம். இரண்டு கணக்குகளும் சரியானவையே, அலகுதான் வேறு.

அதே வருஷத்தில் பல்லாரி ஜில்லா விஷயத்தில் மட்டும் தாலுகாவை அலகாகக் கொண்டார்கள். ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் என்ற மூன்று தாலுகாக்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. மற்றவை மைசூரைச் சேர்ந்தன. இடையே தகராறுக்குரியதாக நின்ற பல்லாரி தாலுகாவை நீதிபதி மிஸ்ரா தனியே விசாரித்துச் செய்த முடிவின்படி அதுவும் மைசூருக்குப் போயிற்று. ஜில்லா அலகு சித்தூரில் ஒரு தரப்பாருக்கு அனுகூலமாயிற்று. தாலுகா அலகு பல்லாரியில் மற்றொரு தரப்பாருக்கு அனுகூலமாயிற்று. தமக்கு எது சாதகமோ அதையே தத்துவமாகப் பேசுவது மனித சுபாவமாதலால், அலகைப் பற்றிய வாதம் இதன்பின் ஓயவே இல்லை.

1953 டிசம்பரில் அமைந்த பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரின் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் இந்தச் சிக்கலை மேலும் தெளிவாக்கியது. திருவாங்கூரின் தெற்கே தமிழர் நிறைந்த நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னையோடு சேர்க்கலாம் என்று அது சிபாரிசு செய்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ் பேசுவோர் மிகுந்தவையாக இருந்தும், அங்குள்ளவர்களில் கணிசமானோர் தோட்டத் தொழிலாளராக வந்து போகிறவர்கள் என்பதையும் பொருளாதார சம்பந்தங்களையும் கருதி அவற்றைக் கேரளத்திலேயே விட்டது. மொழி ஒன்றே அளவுகோல் அன்று என்பது அக்கமிஷனின் கொள்கை. கொள்கை மறுக்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அளவுகோல்கள் பலவாகும்போது, எந்த இடத்தில் எந்த அளவுகோலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது விசாரிப்பவரின் மனத்தைப் பொறுத்ததாகி, தோற்ற தரப்பார் தீர்ப்பை மனமார ஏற்க முடியாமற் போகிறது. தேவிகுளம், பீர்மேடு பற்றிய மனக்குறை தமிழகத்தில் நெடுங்காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டாஸ்கர் வகுத்த வழி

திருப்பதி வரை தமிழகம் என்ற கோரிக்கையோடு ம. பொ. சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், திருத்தணியை ஒரு ராஜ்யப் பிரச்னையாக்கியது. கிளர்ச்சியும் பேச்சுவார்த்தையும் மாறி மாறி நடந்த பிறகு, மத்திய மந்திரி சபையில் சட்டத் துறையில் இருந்த எச். வி. பட்டாஸ்கர் மத்தியஸ்தராக அமர்ந்தார். அவருடைய விசாரணையில் சிறப்பு என்னவென்றால், எந்த ஊர் யாருக்கு என்று பேசுவதற்கு முன்பே எந்த விதிப்படி பேசுவது என்று இரு சர்க்கார்களும் இசைந்ததுதான். விதிகள் மூன்று. கிராமமே அலகு. 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோர் எந்த மொழியைப் பேசுகிறார்களோ அந்த மொழிக்குரிய ராஜ்யத்துக்கு அந்தக் கிராமம் உரியது. ஆனால் அது அந்த ராஜ்யத்தோடு நிலத்தொடர்பு உடையதாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்தன என்பதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லையோரத்தில் வரிசையாக மூன்று கிராமங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சென்னை ராஜ்யத்தை ஒட்டிய முதல் கிராமத்தில் நூற்றுக்கு அறுபது பேர் தமிழர். அதற்கு அப்பால் உள்ள இரண்டாவதில் நாற்பது பேர். அதற்கும் அப்பால் உள்ள மூன்றாவதில் எழுபது பேர். முதல் கிராமம் சென்னைக்கு வரும். இரண்டாவது வராது. மூன்றாவதில் தமிழர் எல்லாவற்றிலும் அதிகமாக இருந்தும், இரண்டாவது குறுக்கே நிற்பதால், வேறு பக்கத்தில் தமிழ்க் கிராமம் ஒன்று அதை இணைக்காவிட்டால், அது ஆந்திரத்திலேயே தங்கிவிடும். மூன்று கிராமங்களையும் ஒரே அலகாகச் சேர்த்து எண்ணினால், ஜனத்தொகை சமமாயின், தமிழர் பெரும்பான்மையாகி மூன்றுமே சென்னைக்கு வந்திருக்கும். ஆகவே கிராம அலகு தமிழுக்கு எப்போதும் அனுகூலமானது என்று சொல்ல முடியாது, தெலுங்குக்கும் அப்படியே. இரு தரப்பாரும் அதை ஏற்க முடிந்ததற்குக் காரணமே, அது முன்கூட்டி யாருடைய வெற்றியையும் உறுதி செய்யவில்லை என்பதுதான்.

விளைவும் அவ்வாறே இரு பக்கமும் சென்றது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும், பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களும், சித்தூர் ஜில்லாவின் வேறு சில எல்லையோரக் கிராமங்களும் சென்னைக்கு வந்தன. செங்கற்பட்டு ஜில்லாவின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் தெலுங்கு பேசுவோர் மிகுந்த கிராமங்களும், சேலம் ஜில்லாவின் விளிம்பில் சில கிராமங்களும் ஆந்திரத்துக்குப் போயின. அப்படிப் போன பகுதியைக் கொண்டே அங்கே சத்தியவேடு தாலுகா அமைந்தது. திருப்பதி இந்தக் கணக்குக்குள் வரவில்லை. வேங்கடத்தை எல்லையாகக் கொண்ட பழைய நினைவை நெஞ்சில் ஏந்தியிருந்தவர்களுக்கு இது பெரும் துயரமாக இருந்தது. அந்தத் துயரம் மதிக்கத்தக்கது. ஆயினும், விதியை ஏற்ற பிறகு அதன் விளைவையும் ஏற்பதே நேர்மை என்ற உணர்ச்சி இரு ராஜ்யங்களிலும் மேலோங்கி நின்றதனால், பார்லிமெண்டு 1959-இல் சட்டமியற்ற முடிந்தது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்தது.

இதற்கு நேர் மாறான ஒரு சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தகும். மகாராஷ்டிரத்துக்கும் மைசூருக்கும் இடையே பெல்காம் குறித்து எழுந்த விவகாரத்தில் 1966-இல் முன்னாள் பிரதம நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் கமிஷனாக அமர்ந்து, மறு வருஷம் அறிக்கை தந்தார். பட்டாஸ்கர் வகுத்த கிராம அலகையே தங்களுக்கும் வழங்க வேண்டுமென்பது மகாராஷ்டிரத்தின் வாதம். மைசூர் அதற்கு இசையவில்லை. விதியில் ஒப்புதலில்லாமலே விசாரணை நடந்தது. நூற்றுக்கணக்கான கிராமங்களை இருபுறமும் மாற்றச் சொன்ன மகாஜன், பெல்காம் நகரத்தை மைசூரிலேயே இருத்தினார், மகாராஷ்டிரம் அந்த அறிக்கையை நிராகரித்தது, சட்டம் பிறக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பின் 2004-இல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மகாஜன் பட்டாஸ்கரைவிடக் குறைந்த திறமையுடையவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவருக்கு விதி முன்னே கிடைத்தது. மற்றவருக்கு விதியே விவகாரமாக இருந்தது.

படத்தில் என்ன மாறுகிறது

சட்டம் அமலுக்கு வரும் நாளில் பூமியில் ஒரு கல்லும் நகர்வதில்லை. கிராமத்தை அலகாகக் கொண்டதன் பெரிய பயன் இங்கேதான் புலப்படுகிறது. சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு ரெவினியூ கிராமத்துக்கும் அளந்து வரைந்த படமும், எல்லைக் கற்களும், சர்வே எண் இட்ட புலங்களும் முன்பே இருந்தன. இரண்டு கிராமங்களுக்கு இடையே நின்ற அதே கல்வரிசை அன்றிலிருந்து இரண்டு ராஜ்யங்களுக்கு இடையே நிற்கிறது. புதிதாக அளக்க வேண்டியதில்லை, அதன் அந்தஸ்து மாத்திரம் உயர்ந்துவிடுகிறது. குடியானவரின் பட்டாவும் அவருடைய சர்வே எண்ணும் மாறுவதில்லை. அந்தப் பட்டாவுக்குரிய கணக்குப் புத்தகம் எந்தத் தாலுகா கச்சேரியில் இருக்கிறது என்பதே மாறுகிறது. இந்திய சர்வே இலாகாவின் படங்களில் கிராம எல்லையின்மீது ராஜ்ய எல்லைக்குரிய குறி ஏறுகிறது. தமிழ்நாட்டின் வடக்கு எல்லைக்கோடு சென்னைக்கு மேற்கே நேராக ஓடாமல், பல் பல்லாக உள்ளும் புறமும் வளைந்து செல்வதற்குக் காரணம் இதுவே: அது மலையையோ ஆற்றையோ பற்றிச் செல்லவில்லை, ஊர் ஊராகப் பெரும்பான்மையைத் தொட்டுக்கொண்டு செல்கிறது.

ஆனால் படத்துக்குப் பின்னாலுள்ள ஏடுகள் அவ்வளவு விரைவில் மாறிவிடவில்லை. மாற்றப்பட்ட கிராமங்களில் முன்பு வழங்கிய சட்டங்களே, வேறு ஏற்பாடு செய்யப்படும் வரை தொடர்ந்து வழங்கும் என்பது இத்தகைய சட்டங்களின் வழக்கம். ஆகவே சென்னை சட்டசபையின் சட்டங்களைப் புதிய பகுதிகளுக்கு விரிவுபடுத்தத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அதில் அவை 'சேர்க்கப்பட்ட பிரதேசங்கள்' எனப்பட்டன. கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் 'மாற்றப்பட்ட பிரதேசம்' என்று வேறு பெயர். பழைய சட்டப் புத்தகங்களில் இந்த இரு பெயர்களையும் கண்டால், ஒரே ராஜ்யத்துக்குள் எந்த நிலம் எந்த வழியாக வந்தது என்று கண்டுகொள்ளலாம். 1961-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கோ இன்னொரு சுமையைச் சந்தித்தது. எல்லை மாறிய மறு வருஷமே அது எடுக்கப்பட்டதால், பத்தாண்டு வளர்ச்சியைக் கூற வேண்டுமானால், 1951-ஆம் வருஷத்து எண்களைப் புதிய எல்லைக்குத் தக்கபடி திருத்திக் கூட்ட வேண்டியிருந்தது. எல்லையைத் தீர்மானித்த அதே கணக்கு, எல்லையினால் திருத்தப்பட்டது.

கிராம அலகு உதவாத இடமும் உண்டு. உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இடையே கங்கையும் காக்ராவும் எல்லையாக இருந்தன. ஆற்றின் ஆழமான ஓட்டமே எல்லை என்பது பழைய விதி. ஆறு இடம் மாறும்போதெல்லாம் கிராமத்து நிலம் ராஜ்யம் மாறும். வெள்ளம் வடிந்தபின் கரையோர வயலில் யார் அறுப்பது என்பது கலகத்தில் முடியும். சி. எம். திரிவேதி விசாரித்துச் சொன்ன முடிவின்மேல் 1968-இல் சட்டமியற்றி, ஓடும் எல்லையை விட்டு நிலையான எல்லையை வகுத்தார்கள். யமுனையில் ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் 1979-இல் அவ்வாறே செய்தார்கள். இங்கே சட்டத்தோடு வேலை முடியவில்லை. மணலிலும் சேற்றிலும் அளந்து, வெள்ளம் அடித்துப் போகாத இடங்களில் தூண் நாட்டி, அவற்றின் ஸ்தானத்தைக் கணக்கிட்டு எழுதி வைத்தால்தான், தூண் போனாலும் எல்லை போகாது. இத்தகைய எல்லை சரியாக வகுக்கப்பட்டதா என்று அறிய ஒரு சோதனை போதும்: இரண்டு ராஜ்யங்களின் கிராமப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையே யாருக்கும் சேராத நிலமும் இருவருக்கும் சேர்ந்த நிலமும் இருக்கக்கூடாது. இரண்டு படங்களையும் தனித்தனியே வரைந்து ஒத்துப் பார்க்காமல் விட்ட இடங்களிலேதான், ஒரே கிராமத்தில் இரண்டு ராஜ்யங்கள் வரி கேட்பதும் தேர்தல் நடத்துவதும் நேர்கின்றன.

எஞ்சி நிற்பது

ஐம்பதுக்கு மேல் ஒருவர் இருந்தால் கிராமம் ஒரு பக்கம் போகும் என்று விதித்தால், நூற்றுக்கு நாற்பத்தொன்பது பேர் தாங்கள் விரும்பாத பக்கத்தில் இருக்க நேரிடலாம். எந்த அலகைக் கொண்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. கிராமத்தை விட்டுத் தெருவை அலகாக்கினாலும் தெருவிலே சிறுபான்மையோர் இருப்பார்கள். இதை அறிந்தே 1956-ஆம் வருஷத்துச் சாசனத் திருத்தம், மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யும்படி 350-ஏ விதியையும், அவர்களுக்கென ஓர் அதிகாரியை நியமிக்கும்படி 350-பி விதியையும் சேர்த்தது. புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைக்கும் திருத்தணிப் பக்கத்துத் தெலுங்குக் குழந்தைக்கும் எல்லைக்கோட்டினால் கிடைக்காதது இந்த விதிகளால் கிடைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில், தீர்ந்த எல்லையின்மேல் மீண்டும் தகராறு முளைப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஆகையால் இன்று எந்த இரு ராஜ்யங்கள் எல்லை குறித்துப் பேச உட்கார்ந்தாலும், ஊர்ப் பெயர்களை மேஜைமேல் வைப்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் முடித்துக்கொள்வது அவர்களுக்கு நலம்: அலகு எது, எந்த வருஷத்துக் கணக்கு ஆதாரம், நிலத்தொடர்பை எப்படி நிர்ணயிப்பது, கோட்டின் மறுபுறம் தங்கிவிடுவோருக்கு இரு ராஜ்யங்களும் என்ன உறுதி அளிக்கின்றன. முதல் மூன்றிலும் இசைவு ஏற்பட்டால் கமிஷனின் வேலை பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதாகவும், பார்லிமெண்டின் வேலை பட்டியலைச் சட்டமாக்குவதாகவும், சர்வே இலாகாவின் வேலை இருக்கும் கற்களுக்குப் புதிய குறி இடுவதாகவும் சுருங்கிவிடும். நான்காவதை விட்டுவிட்டால், படம் சரியாக இருந்தும் தீர்ப்பு முழுமை பெறாது. பட்டாஸ்கர் வகுத்த எல்லை இரு ராஜ்யங்களுக்கிடையே அறுபது வருஷங்களுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. அதன் இரு பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் சிறுபான்மை மொழிக்கு இடம் இருக்கும் அளவுக்கே அது நியாயமான எல்லையாகவும் நிற்கும்.